400 காட்டிய கார், 50 கி.மீ. ஓடியதும் 255 காட்டுவது ஏன்?

காலையில் பேட்டரி முழுதாக நிறைந்திருக்கிறது. டாஷ்போர்டில் 400 கி.மீ. என்று எழுதியிருக்கிறது. வேகச் சாலையில் ஏறி 50 கி.மீ. போனபின் மறுபடி பார்த்தால் 255. ஓடியது 50தானே, மிச்சம் 95 கி.மீ. எங்கே போயிற்று என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். எலெக்ட்ரிக் கார் வாங்கிய முதல் சில வாரங்களில் இந்தக் கேள்வி வராதவர்கள் குறைவு. பேட்டரி போய்விட்டது என்று சிலர் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள். விற்றவர் பொய் சொல்லிவிட்டார் என்று சிலர் பொருமுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. அந்த 95 கி.மீ. எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே அது பேட்டரிக்குள் இல்லை.

பேட்டரிக்குள் இருப்பது மின்சாரம், அதாவது இத்தனை யூனிட் என்ற ஒரு அளவு. கிலோமீட்டர் என்பது கார் போட்டுச் சொல்லும் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே, மிச்சமிருக்கும் யூனிட். கீழே, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்ற அனுமானம். மேலே உள்ள எண்ணை கார் ஓரளவு நன்றாகவே அறியும். கீழே உள்ளது இனி நடக்கப்போவதைப் பற்றியது. நீங்கள் எந்த வேகத்தில் போகப் போகிறீர்கள், வெளியே எவ்வளவு குளிர், ஏசி ஓடுமா என்பதெல்லாம் காருக்குத் தெரியாது. ஆகவே பெரும்பாலான கார்கள் பழைய ஓட்டத்தைப் பார்த்து எதிர்காலத்தை எழுதிவிடுகின்றன.

ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விளங்கும். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 50 யூனிட். ஆட்களோடு சேர்த்து எடை 1,700 கிலோ. நடுத்தர உருவம். ஒரு வாரமாக ஊருக்குள்ளேயே ஓடியதால், கிலோமீட்டருக்குச் சராசரியாக 125 வாட் அவர் செலவு என்று கார் பழகிவைத்திருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் அவர். 50,000-ஐ 125-ஆல் வகுத்தால் 400. இதுதான் காலையில் கண்ட எண்.

இப்போது வேகச் சாலையில் 110 கி.மீ. வேகத்தில் ஏசியோடு போகிறீர்கள். இந்தக் காருக்கு அங்கே ஆகும் உண்மைச் செலவு சுமார் 185. முதல் 50 கி.மீ.க்கு 9.25 யூனிட் போய், 40.75 யூனிட் மிச்சம். கார் புதிய செலவைப் பார்த்துத் தன் சராசரியை மெல்ல உயர்த்தி, 160 வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 40,750-ஐ 160-ஆல் வகுத்தால் 255. அடுத்த 50 கி.மீ. முடிவில் 31.5 யூனிட் மிச்சம், சராசரி 178, திரையில் 177 கி.மீ.

ஒரு விஷயம் கவனியுங்கள். முதல் 50 கி.மீ.யில் திரை 145 இறங்கியது. அடுத்த 50-இல் 78 மட்டுமே. இன்னும் போகப் போக 50 ஓடினால் 50-ஐ ஒட்டியே இறங்கும். ஆரம்பத்தில் மடமடவென்று சரிந்து பிறகு நிதானப்படுகிறது என்றால், கார் உங்கள் புது வேகத்தைக் கற்றுக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். பேட்டரியின் மேல் பழி போடவேண்டியதில்லை. இதே காரணத்தால் நேர்மாறான தப்பும் நடக்கும். மலை உச்சியில் சார்ஜ் போட்டுக்கொண்டு இறக்கத்தில் 20 கி.மீ. வந்தால், செலவே இல்லாமல் ஓடுகிறோம் என்று கார் நம்பிக்கொண்டு நடக்காத ரேஞ்சைக் காட்டும். இறங்கும் எண்ணைக் கண்டு பயப்படுகிறவர்கள் இந்த ஏறும் எண்ணைச் சந்தேகிப்பதே இல்லை. உண்மையில் ஆபத்தானது இதுதான்.

வேகம் எடுக்கும் பங்கு

ஒரே சீரான வேகத்தில் ஓடும் காரை இரண்டு விஷயங்கள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயர் உருளும் தடை. இது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. நம் காருக்குக் கிலோமீட்டருக்கு 46 வாட் அவர் அளவில் இருக்கும். மற்றது காற்று. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள 31 வாட் அவர் போதும். 100-இல் 86. 120-இல் 124. வேகம் இரட்டிப்பானால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றுக்குக் கொடுக்கும் விலை நான்கு மடங்கு.

டயர், காற்று, மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் போகும் நஷ்டம், விளக்கும் கம்ப்யூட்டரும் தின்னும் கொஞ்சம் எல்லாவற்றையும் கூட்டினால், சமதளத்தில் ஏசி இல்லாமல் நம் கார் 80-இல் 119, 100-இல் 153, 120-இல் 196 என்று செலவழிக்கும். அதே 50 யூனிட் 80-இல் 420 கி.மீ., 100-இல் 327, 120-இல் 255. கார் ஒன்று, பேட்டரி ஒன்று, நாள்கூட ஒன்றுதான்.

பெட்ரோல் காரிலும் காற்று இப்படித்தான் தடுக்கிறது. ஆனால் அங்கே எரிபொருளின் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவே வீணாகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அந்த வீண் இன்னும் அதிகம். அதனால் வேகத்தால் கூடும் செலவு அந்த வீணுக்குள் மறைந்துவிடும். எலெக்ட்ரிக் கார் வீணாக்குவது குறைவு என்பதால், காற்றின் கை அப்படியே மீட்டரில் தெரிகிறது. ஊருக்குள் செலவு கம்மி, வேகச் சாலையில் அதிகம் என்ற இந்தத் தலைகீழ் மைலேஜ், பழைய காரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் உதைத்துக்கொண்டே இருக்கும்.

ஏசியும் ஹீட்டரும் தின்பது தூரத்தை அல்ல, நேரத்தை

ஏசி போட்டால் எவ்வளவு ரேஞ்ச் குறையும் என்று கேட்பார்கள். ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ஏசிக்குக் கிலோமீட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. வண்டி நின்றாலும் ஓடினாலும் மணிக்கு இத்தனை யூனிட் என்று அது தின்றுகொண்டிருக்கும். வெயிலில் கிடந்த காரில் முதல் சில நிமிடங்கள் 3 கிலோவாட் வரைகூட இழுக்கும். உள்ளே குளிர்ந்தபின் 1 கிலோவாட் அளவில் அடங்கும்.

அந்த 1 கிலோவாட்டை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 10 வாட் அவர். 153 என்ற செலவில் இது சில்லறை. நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 50. அங்கே காரை நகர்த்துவதற்கே அதைவிடச் சற்று அதிகம்தான் ஆகிறது. அப்போது திரையில் ரேஞ்ச் கணிசமாகக் குறையும். ஆனால் மொத்தக் கணக்கில் அது அவ்வளவு பயங்கரம் இல்லை. ஒரு மணி நேரம் அசையாமல் நின்று ஏசி ஓடினாலும் போவது 1 யூனிட், பேட்டரியில் 2 சதவீதம்.

சில கார்களில் ஏசி பட்டனை அணைத்த மறுநொடியே ரேஞ்ச் 20, 30 கி.மீ. எகிறும். அந்த ஒரு நொடியில் பேட்டரிக்குள் எதுவும் ஏறவில்லை. இனி ஏசி ஓடாது என்று வைத்துக்கொண்டு கார் கீழே உள்ள எண்ணைத் திருத்துகிறது, அவ்வளவே. அந்தத் திருத்தத்துக்கு ஊருக்குள் ஓடிய மெதுவான சராசரி வேகத்தை எடுத்துக்கொண்டிருந்தால், வேகச் சாலையில் ஏசியின் குற்றம் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அதை நம்பி ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு 110-இல் போகிறவர்கள், மிச்சம் பிடித்ததைக் காற்றுக்கே கட்டிவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் கணக்கு கடுமையாகும். வெளியே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே 24 வேண்டுமானால் வித்தியாசம் 16 டிகிரிதான். வெளியே மைனஸ் 5, உள்ளே 21 என்றால் 26. மேலும் ஏசி வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை, உள்ளிருந்து வெளியே கடத்துகிறது. 1 யூனிட் மின்சாரத்தில் இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தைக் கடத்திவிடும். சாதாரண ஹீட்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி, 1 கொடுத்தால் 1தான். ஹீட் பம்ப் என்பது ஏசியையே திருப்பிப் போட்டது. அது இருக்கிற கார்களில் இந்தச் செலவு பாதிக்கும் கீழே வரலாம். கடுங்குளிரில் அதுவும் திணறும். பெட்ரோல் காரில் இந்தச் சூடு எஞ்சினின் வீணிலிருந்து இலவசமாக வந்தது. இங்கே எல்லாமே பேட்டரியிலிருந்து வரவேண்டும்.

ஹீட்டர் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் அதிகம் தின்னும். மைனஸ் 5-இல் 6 கி.மீ. தூரத்தில் உள்ள வேலைக்கு 12 நிமிடம் ஓட்டுகிறீர்கள். ஹீட்டர் சராசரி 4 கிலோவாட் என்றால் 0.8 யூனிட் போய்விட்டது, கிலோமீட்டருக்கு 133. ஓட்டியதற்கான செலவைவிட உட்கார்ந்திருந்ததற்கான செலவு அதிகம்! சாயங்காலம் கார் மறுபடி குளிர்ந்திருக்கும், மறுபடி 0.8. அதே குளிரில் 150 கி.மீ. தூரத்தை 100 வேகத்தில் ஒரே மூச்சில் போனால், ஆரம்ப 0.8-க்குப் பிறகு ஹீட்டர் 1.5 கிலோவாட்டில் நிதானமாக ஓடும். மொத்தம் 2.75 யூனிட், கிலோமீட்டருக்கு 18 மட்டுமே. ஒரு வாரம் குறுந்தூரமே ஓட்டிய காரின் திரை குளிர்காலத்தில் அழுது வடிவது இதனால்தான். அதே காரை நெடும்பயணத்துக்கு எடுத்தால், காட்டியதைவிட அதிகம் ஓடி ஆச்சரியப்படுத்தவும் செய்யும். கிளம்புமுன் சார்ஜர் செருகியிருக்கும்போதே கேபினைச் சூடாக்கிக்கொள்வது பலன் தருவதும் இந்த முதல் 12 நிமிடத்தால்தான். அந்தச் செலவு பேட்டரிக்குப் பதில் சுவரிலிருந்து போகும்.

குளிர் பேட்டரிக்குள் செய்யும் வேலை

இதுவரை பேசியதெல்லாம் வகுத்தலின் கீழ்ப்பகுதி. வெப்பநிலை ஒன்றுதான் மேல்பகுதியையும் தொடுகிறது. குளிரில் பேட்டரிக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, உள் தடை கூடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வோல்டேஜ் வழக்கத்தைவிட அதிகமாகச் சரியும். கடைசிக் கொஞ்சத்தைப் பாதுகாப்பாக எடுக்க முடியாது. அந்தப் பங்கை கார் பூட்டிவைக்கும். சில கார்களில் பேட்டரிப் படத்தின் ஒரு பகுதி நிறம் மாறியிருக்கும், அல்லது பனிச்செதில் சின்னம் வரும். அது தொலைந்துபோன மின்சாரம் அல்ல. பேட்டரி சூடானதும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று, பிரேக் போடும்போது மின்சாரம் திரும்ப ஏறுவது. குளிர்ந்த பேட்டரியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படியும். அது நிரந்தரச் சேதம். அதனால் பிரேக்கில் திரும்ப ஏறும் மின்சாரத்தை கார் குறைக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் வழக்கம்போல் பிடித்து இழுக்காமல் உருண்டு போவது போலத் தோன்றினால் காரணம் இதுவே. ஊருக்குள் அடிக்கடி நின்று போகும்போது கிடைத்துவந்த சேமிப்பு அன்றைக்குக் குறைவு.

இதற்கு மேல் காற்றும் கனமாகும்: 20 டிகிரியோடு பார்த்தால் மைனஸ் 5-இல் சுமார் 9 சதவீதம். டயர் ரப்பர் விறைக்கும், ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரிக்கும் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ காற்று குறையும். ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னது. எல்லாம் ஒரே திசையில் தள்ளுவதுதான் தொல்லை. வெயில் காலத்தில் காற்று இலேசாகி ஓட்டும் செலவு கொஞ்சம் குறையும், ஏசி அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கடும் வெயிலைவிடக் கடும் குளிர் ரேஞ்சை அதிகம் கடிக்கிறது.

விளம்பரத்தில் வரும் எண்ணையும் இங்கே வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் புழங்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரியில், ஏசியும் ஹீட்டரும் அணைத்த நிலையில், சராசரி 46.5 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. இடையில் 131 வரை தொட்டாலும் அது சிறிது நேரமே. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் நல்லது. பயணம் திட்டமிட அல்ல.

திரையை எப்படிப் படிப்பது

முதலில் உங்கள் கார் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். முழு சார்ஜில் வெயிலோ குளிரோ எப்போதும் அதே எண்ணைத்தான் காட்டுகிறது என்றால், அது உங்கள் ஓட்டத்தைப் பார்ப்பதே இல்லை. சோதனையில் கிடைத்த நிலையான செலவால் வகுக்கிறது. அந்த எண் வேறு உருவில் வந்த சதவீதம்தான். ஒவ்வொரு முழு சார்ஜுக்கும் மாறுகிறது என்றால் அது பழகும் ரகம். அது நேற்றைய ஓட்டத்தின் கதை.

எந்த ரகமானாலும், பயணத்தின்போது நான் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, சதவீதத்தைப் பார்க்கிறேன். நம் காரில் 1 சதவீதம் என்பது அரை யூனிட். செலவு 125 என்றால் ஒரு சதவீதத்துக்கு 4 கி.மீ., 185 என்றால் 2.7 கி.மீ. டிரிப் மீட்டரைக் கிளம்பும்போதே பூஜ்யமாக்கிவிட்டு, 20 கி.மீ. ஓடியபின் `Wh/km` எவ்வளவு என்று பாருங்கள். சில கார்கள் `kWh/100km` என்று 18.5 போலக் காட்டும். அதைப் பத்தால் பெருக்கினால் 185. மிச்ச யூனிட்டை இதனால் வகுத்தால் வருவதுதான் இன்றைய ரேஞ்ச், இதே வேகத்தில், இதே வானிலையில். நேவிகேஷனில் ஊரைப் போட்டால் போய்ச் சேரும்போது எத்தனை சதவீதம் இருக்கும் என்று காட்டும் கார்கள் உண்டு. மேடு பள்ளமும் சாலையின் வேகமும் அதற்குத் தெரியும் என்பதால் அது ரேஞ்ச் எண்ணைவிட நம்பகமானது. அந்தச் சதவீதம் வழியில் இறங்கிக்கொண்டே வந்தால், கார் நினைத்ததைவிட நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள்.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று அறிய முழு சார்ஜ் கிலோமீட்டரைப் பார்ப்பது பயனற்றது. கோடையில் 400, குளிரில் 300 என்பதில் தேய்மானமே இல்லாமலிருக்கலாம். மிதமான வெப்பநிலை உள்ள ஒரு நாளில் 80 சதவீதத்திலிருந்து 30 வரை ஒரே பயணமாக ஓட்டி, டிரிப் மீட்டர் சொல்லும் மொத்த யூனிட்டைப் பாருங்கள். 24 யூனிட் என்றால், 50 சதவீதத்துக்கு 24, ஆக முழுப் பேட்டரி சுமார் 48. நடுவில் நிறுத்திவைத்து ஏசி ஓட்டினால் சில கார்கள் அதைக் கணக்கில் சேர்க்காது, ஆகவே ஒரே ஓட்டமாக இருக்கட்டும். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் இந்தச் சோதனைக்கு முன் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள். அந்த வகையில் நடுப்பகுதி முழுதும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருப்பதால், சதவீதம் எவ்வளவு என்பதே காருக்கு நாளடைவில் பிசகிப்போகும்; முழு சார்ஜில்தான் அது தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

கடைசியாக, கை பிசையவைக்கும் அந்த நேரம். 20 சதவீதம் இருக்கிறது, அதாவது 10 யூனிட். சார்ஜர் 65 கி.மீ. தூரத்தில். திரை 56 கி.மீ. என்கிறது. முதலில் கை போவது ஏசி பட்டனுக்கு. 110 வேகத்தில் ஏசியை அணைத்தால் செலவு 185-இலிருந்து 176 ஆகும். 10 யூனிட் 57 கி.மீ. போகும். வியர்த்ததுதான் மிச்சம், போய்ச் சேரமாட்டீர்கள். ஏசியை ஓடவிட்டு வேகத்தை 80-க்குக் குறைத்தால் செலவு 131. அதே 10 யூனிட் 76 கி.மீ. போகும். தாமதம் 13 நிமிடம்தான். திரை உடனே ஏறாது. அது இன்னும் பழைய 178-ஐ நினைத்துக்கொண்டிருக்கும், முதல் பத்து கிலோமீட்டருக்காவது பயமுறுத்திக்கொண்டே வரும். அதைப் பார்க்காமல் ஓடோமீட்டரைப் பாருங்கள்: ஒவ்வொரு சதவீதம் இறங்கும்போதும் 3.8 கி.மீ. ஓடியிருக்கிறதென்றால், 65 கி.மீ.க்கு 17 சதவீதம் போதும். 3 மிச்சமிருக்கும்.